கேள்விக்குறி இல்லாத வரவேற்புரை

நான் இதைச் செய்தது பழிவாங்குவதற்காகத்தான். விஞ்ஞானத்துக்காகச் செய்தேன், பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்றெல்லாம் பிறகு பலர் என் சார்பில் சொன்னார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள். அவர்கள் சொன்னதை நீங்கள் நம்பத் தேவையில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில் எங்கள் தனியார் கல்லூரி இருக்கிறது. அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். நான் அங்கே ஆறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் பெயர் நிரோஷா. நிரந்தர ஆசிரியை இல்லை. வருடா வருடம் அதிபர் ஒஸ்வால்ட் என் ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் நான் ஆசிரியை. வைக்காவிட்டால் கிருலப்பனையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பெண்.

பிரச்சினை பயறில் தொடங்கியது. எங்கள் தலைமைப் புரவலர் திரு. கஜேந்திரன் 'அமிர்தகாந்தம்' என்ற இயந்திரத்தை இறக்குமதி செய்து விற்கிறார். அதன் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டால் அதற்கு உயிர்ச்சக்தி ஏறுமாம். குடித்தால் ஞாபக சக்தி கூடுமாம், செடிக்கு ஊற்றினால் செடி செழிக்குமாம். இதை நிரூபிக்க அவருடைய ஆட்கள் எங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டு தட்டுகளில் பயறு முளைக்க வைத்தார்கள். எட்டாம் நாள் அவர் வந்து ஆசிரியர்கள் எல்லாரையும் கூட்டிக் காட்டினார். காந்தநீர் ஊற்றிய தட்டில் முளைகள் கரும்பச்சையாக, கட்டையாக, நிமிர்ந்து நின்றன. சாதாரண நீர் ஊற்றியதில் மஞ்சளடித்து, நெடுநெடுவென்று வளர்ந்து, சரிந்து கிடந்தன.

"பாருங்கோ, நாங்க தினமும் குடிக்கிற தண்ணி பயறையே நோயாளியாக்குது" என்றார் அவர்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "சேர், ரெண்டு தட்டும் ஒரே இடத்திலயா இருந்தது?"

இருக்கவில்லை. ஒன்று ஜன்னலடியில் இருந்தது. மற்றது அலுமாரிக்குப் பின்னால், இருட்டில் இருந்தது. வெளிச்சம் இல்லாத பயறு வெளிச்சத்தைத் தேடி இழுபட்டு வளரும், பச்சை பிடிக்காது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அலுமாரிக்குப் பின்னால் தட்டை வைத்தவர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர் அழகர். "அவங்கதான் அங்க வைக்கச் சொன்னாங்க டீச்சர்" என்று அவர் எல்லார் முன்னிலும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

நான் அதோடு நிறுத்தவில்லை. எட்டுத் தட்டுகளை ஜன்னலடியில் வரிசையாக வைத்தேன். எந்தத் தட்டுக்கு எந்த நீர் என்பதைச் சீட்டுக் குலுக்கி அழகர் தீர்மானித்தார். அவருக்கு மட்டும்தான் தெரியும். எதற்கு எது ஊற்றப்பட்டது என்று அறியாமல் நான் அளந்தேன். காந்தநீர்ப் பயறின் சராசரி பதினொன்று தசம் இரண்டு சென்றிமீற்றர். சாதாரண நீர்ப் பயறு பதினொன்று தசம் நான்கு. ஒரே தட்டுக்குள்ளேயே முளைக்கு முளை மூன்று சென்றிமீற்றர் வித்தியாசம் இருக்கும்போது, அந்தத் தசம் இரண்டுக்கு ஒரு பெறுமதியும் கிடையாது. இதை ஒரு பக்கத்தில் எழுதி அதிபரிடம் கொடுத்தேன்.

மறுநாள் என்னை ஆய்வுகூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வாசலில் நின்று பிந்தி வருபவர்களின் பெயர் எழுதும் வேலை தரப்பட்டது. ஒப்பந்தக் கடிதம் அதிபரின் மேசை லாச்சிக்குள் போனது. காலை ஏழரை வெயிலில், என்னிடம் படித்த பிள்ளைகள் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினார்கள். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வாழ்க்கையில் வந்ததில்லை.

அந்த நிலையில்தான் விஞ்ஞான தினத்துக்கான சுற்றறிக்கை வந்தது. இந்த வருடத் தொனிப்பொருள் 'கேள்வி கேட்போம்'.

அதிபர் ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார். அவர் கெட்டவர் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். வெள்ளை முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் மைப்பேனை, எப்போதும் மெதுவான பேச்சு.

"கேள்வி கேக்கிறது நல்ல பழக்கம்" என்று தொடங்கினார். "நானும் படிக்கிற காலத்தில ஒருக்கா கேட்டனான். ஆனா கேள்விக்கு ஒரு ஒழுக்கம் இருக்கு. முதல்ல, பதில் தெரிஞ்ச ஆள்தான் கேக்கோணும். தெரியாத ஆள் கேட்டா அது குழப்பம். ரெண்டாவது, கேட்டவுடன கேட்டவருக்கும் பதில் சொல்லுறவருக்கும் சந்தோசம் வரோணும். சந்தோசம் வராட்டி அது கேள்வி இல்ல, குற்றச்சாட்டு."

ஆசிரியர்கள் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த கிழமை கேள்வி அனுமதிப் படிவம் வந்தது. விஞ்ஞான தினத்தில் பிரதம விருந்தினரிடம் கேள்வி கேட்க விரும்பும் மாணவர் மூன்று பிரதிகள் நிரப்ப வேண்டும். கேள்வி, கேள்வியின் நோக்கம், எதிர்பார்க்கும் பதில், அந்தப் பதில் கிடைத்ததும் மாணவர் சொல்லப்போகும் நன்றி வாசகம். வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், பெற்றார் ஆகியோரின் ஒப்பமும் வேண்டும். நாற்பத்தொரு படிவங்கள் வந்தன. 'எதிர்பார்க்கும் பதில்' என்ற இடத்தில் 'தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்' என்று எழுதிய முப்பத்தெட்டும் முழுமையற்றவை என்று நிராகரிக்கப்பட்டன. மிஞ்சிய மூன்றில் சிறந்ததாக ஒன்று தெரிவானது: 'இவ்வளவு பெரிய நிலையில் இருந்தும் தங்களுக்கு இந்த எளிமை எவ்வாறு வந்தது?'

மண்டப வாசலில் ஒரு கேள்விப் பெட்டியும் வைத்தார்கள். சிவப்பு வெல்வெட் ஒட்டிய அழகான பெட்டி. பிள்ளைகள் தேவையில்லாததைப் போட்டுவிடுவார்கள் என்று அதன் துவாரத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய பெட்டியோடு அதிபர் நின்று எடுத்த படம் கல்லூரியின் முகநூலில் வந்தது. அதற்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

பிறகு அதிபர் என்னைக் கூப்பிட்டார். வாசலில் வேர்த்து நின்றவள் அப்படியே போனேன்.

"டீச்சர், வரவேற்புரை நான்தான் செய்யப்போறன். ஏன் கேள்வி கேக்கிறது முக்கியம் எண்டு வாற ஆக்களுக்கு விளங்கப்படுத்தோணும். நீங்க எழுதித் தாங்கோ. கேள்வி கேட்டுத்தானே உங்களுக்கு இந்த நிலைமை. நீங்களே அதைப் பற்றி நல்லதா நாலு வார்த்தை எழுதினா, கஜேந்திரன் சேருக்கும் மனசு ஆறும். நானும் லாச்சியைத் திறக்கலாம்."

"எவ்வளவு நேரத்துக்கு எழுத, சேர்?"

அவர் முகம் சுருங்கியது. "இதுதான் உங்கட பழக்கம். பன்னிரண்டு நிமிசம். இன்னொண்டு, உரையில கேள்விக்குறி ஒண்டும் வரக்கூடாது. விருந்தாளியளைப் பார்த்துக் கேள்வி கேக்கிறது மரியாதை இல்ல. அவையள் பதில் சொல்ல வேண்டி வந்திடும்."

சரி என்று வந்தேன். அன்று பின்னேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதே எனக்கு அந்த உரை முழுதாகப் பிடிபட்டுவிட்டது.

எங்கள் கல்லூரியில் ஓர் உரை மேடைக்குப் போவதற்கு முன் ஒரு கோப்பில் ஏழு பேரிடம் போகும். ஏழு பேரும் 'வாசித்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆறு வருடம் அந்தக் கோப்பைப் பார்த்தவள் நான். ஒருவரும் வாசிப்பதில்லை. ஒவ்வொருவரும் முதல் பக்கத்தைத் திறந்து தன் பெயர் இருக்கிறதா, பட்டங்கள் சரியா, தனக்கு முன்னால் யார் பெயர் வருகிறது என்று பார்ப்பார். அதில் ஏதாவது குறைந்தால் சிவப்புப் பேனையால் திருத்துவார். அதற்குப் பிறகு கையெழுத்து வைத்து அடுத்தவருக்கு அனுப்புவார்.

ஆகவே முதல் பக்கத்தை வேண்டுமென்றே கொஞ்சம் பிழையாக எழுதினேன். பிரதி அதிபரின் 'சமாதான நீதவான்' பட்டத்தை விட்டேன். பழைய மாணவர் சங்கச் செயலாளரைப் பொருளாளருக்குப் பின்னால் போட்டேன். கோப்பு ஒன்பது நாள் சுற்றியது. செயலாளரும் பொருளாளரும் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். முதல் பக்கம் மூன்று பக்கமாக வீங்கியது. அதற்குப் பின்னால் இருந்த நான்கு பக்கங்களில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கேள்விக்குறி இருக்கிறதா என்று மட்டும் ஓர் எழுதுவினைஞரை வைத்துத் தேடினார்கள். இல்லை என்று அவர் உறுதிப்படுத்தினார். கடைசியில் அதிபர் மைப்பேனையால் எழுதினார்: 'வாசித்தேன். மிகச் சிறப்பு.'

அந்தக் கோப்பை நான் போட்டோப் பிரதி எடுத்து வீட்டில் வைத்தேன்.

விஞ்ஞான தினம் சனிக்கிழமை காலை. மண்டபம் நிறைந்த பெற்றார். முன்வரிசையில் கஜேந்திரன் பட்டு வேட்டியோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கல்விப் பணிப்பாளர் நிம்றா. அந்த அம்மாவை அதிபரே விழுந்து விழுந்து அழைத்திருந்தார். எல்லா வகுப்பறைகளிலும் அமிர்தகாந்தம் பொருத்துவதாக அன்று மேடையில் ஒப்பந்தம் கைச்சாத்தாகும் என்றும், பணிப்பாளர் சாட்சியாக நிற்பார் என்றும் ஏற்பாடு.

குத்துவிளக்கு ஏற்றி, தேசிய கீதம், கல்லூரிக் கீதம் எல்லாம் முடிந்து அதிபர் ஒலிவாங்கிக்கு வந்தார். பெயர்களுக்கே ஏழு நிமிடம் போனது. நடுவில் பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வந்தது. அது போய் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து 'சமாதான நீதவான்' என்று தொடர்ந்தார். அடுத்து நான்காம் பக்கத்தைப் புரட்டினார்.

அவருக்கு நல்ல குரல். அதை நான் மறுக்கமாட்டேன். முன்பின் பார்த்திராத வசனங்களை அந்த அழகான குரலில் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"அன்பான விருந்தினரே, கேள்வி ஏன் முக்கியம் என்று இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நாம் ஒன்றைப் பிழையாக நம்பிக்கொண்டிருக்கும்போது, பிழை என்று உள்ளே எந்த மணியும் அடிப்பதில்லை. சரியாக இருக்கும்போது மனதில் என்ன நிம்மதி இருக்கிறதோ, பிழையாக இருக்கும்போதும் அதே நிம்மதிதான் இருக்கும். ஆகவே நம் பிழையை நாமே கண்டுபிடிப்பது கடினம். இன்னொருவர் கேட்கும் கேள்விதான் அந்த மணி.

"நாம் எதையாவது எதிர்பார்த்துப் பார்த்தால், நம் கண் அதையே நமக்குக் காட்டும். இது மடையருக்கு மட்டும் நடப்பதில்லை, படித்தவருக்கும் நடக்கும். என் போன்ற அதிபருக்கும் நடக்கும். விஞ்ஞானம் நம்மைக் கெட்டிக்காரர் ஆக்குவதில்லை. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதற்குச் சில கேள்விகளைத் தருகிறது, அவ்வளவுதான்."

பெற்றார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விஞ்ஞான தினத்தில் அதிபர் விஞ்ஞானம் பேசுவார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. கஜேந்திரன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பெரிய மனிதர்கள் மேடைப் பேச்சுக்கு ஆட்டும் பொதுவான ஆட்டம்.

"ஒருவர் உங்களுக்கு ஒரு பொருளைக் காட்டி, இது சிறந்தது என்று சொன்னால், எதை விடச் சிறந்தது என்று கேளுங்கள். இரண்டு பொருட்களை அருகருகே வைத்துக் காட்டினால், அவர் சொல்லும் அந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர வேறு வித்தியாசம் அவற்றுக்கிடையில் இல்லையா என்று கேளுங்கள். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் இருந்திருந்தால், ஒன்று குளிராகவும் ஒன்று சூடாகவும் இருந்தால், நீங்கள் பார்ப்பது எதனால் வந்த வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. அளந்தவருக்கு, ருசி பார்த்தவருக்கு, எது எது என்று முன்கூட்டியே தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்திருந்தால் அவருடைய நாக்கைவிட அவருடைய விருப்பம் முதலில் பேசும்.

"எத்தனை தரம் செய்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் இரண்டு பானங்களின் ருசியைப் பிரித்தறிவேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரைக்குப் பின்னால் ஒவ்வொரு கோப்பைக்கும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்றும், பூ விழுந்தால் மற்றதும் ஊற்றிப் பத்துக் கோப்பைகளை அவரிடம் கொடுங்கள். ஒன்றும் அறியாதவரும் குருட்டுவாக்கில் ஐந்தளவில் சரியாகச் சொல்லிவிடுவார். நான்கு, ஆறு எல்லாம் சாதாரணம். ஒன்பதோ பத்தோ சரியாக வருவதுதான் அபூர்வம், குருட்டுவாக்கில் நூறு பேரில் ஒருவருக்கே அது அமையும். அப்படி வந்தால் அவரை மதித்து மறுபடியும் செய்து பாருங்கள்.

"எல்லாவற்றுக்கும் மேலாக இதைக் கேளுங்கள்: என்ன நடந்தால் நீங்கள் சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்வீர்கள். இதற்குப் பதில் வைத்திருப்பவருக்கு உண்மை வேண்டும். எது நடந்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்பவருக்கு உங்கள் தலையாட்டல் மட்டும்தான் வேண்டும்.

"கேள்வி கேட்பது அவமரியாதை இல்லை. ஒருவர் சொன்னதைக் கடைசிவரை காது கொடுத்துக் கேட்டவர்தான் கேள்வி கேட்க முடியும். 'தெரியாது' என்று பதில் வந்தால் அதைக் குறைவாக நினைக்காதீர்கள், வேலை அங்கேதான் தொடங்குகிறது. இன்று இந்தக் கல்லூரியில் எந்த மேசையிலும், எந்த மேடையிலும், யாரிடமும் நீங்கள் கேட்கலாம். அதற்குப் படிவம் தேவையில்லை."

கடைசி வசனத்தில் அதிபர் ஒரு கணம் தாளை உற்றுப் பார்த்தார். ஆனால் அது ஏற்கெனவே ஒலிபெருக்கியில் போய்விட்டது. மண்டபம் கைதட்டியது. பின்வரிசையில் பிள்ளைகள் கால்களைத் தரையில் அடித்தார்கள்.

அவர் கதிரைக்குத் திரும்பியதும் பணிப்பாளர் நிம்றா அவர் பக்கம் சாய்ந்து கேட்டார். "இவ்வளவு தெளிவா ஒரு அதிபர் கதைச்சு நான் கேட்டதில்ல. நீங்களே எழுதினீங்களா?"

நான் நாலு கதிரை தள்ளித்தான் இருந்தேன். இந்தப் பதிலுக்காகவே நான் ஆறு வருடம் படிப்பித்தது போல இருந்தது.

"ஓம் மெடம்" என்றார் அதிபர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "மூண்டு கிழமையா யோசிச்சு யோசிச்சு எழுதினனான். ஒரு வரிகூட வேற ஆள் தொடேல்ல."

கஜேந்திரன் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டு அவர் தோளில் தட்டினார்.

பிறகு அமிர்தகாந்தத்தின் நேரம் வந்தது. மேடையில் ஒரு மேசை. ஒரு பக்கம் இயந்திரமும் வெள்ளி டம்ளர்களும் இருந்தன. மறுபக்கம் ஒரு பிளாஸ்ரிக் ஜக்கும் கடதாசிக் கோப்பைகளும் இருந்தன. கஜேந்திரன் வெள்ளி டம்ளரில் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். கடதாசிக் கோப்பையில் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"தேனுக்கும் வேப்பெண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம்" என்றார். "அதிபர் சேர், நீங்க சொல்லுங்கோ."

அதிபர் குடித்தார். "தேன்தான் சேர்" என்றார்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழும்பினார். பஹ்மியா என்று பெயர். கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர், அவருடைய மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். கேக் விற்பவருக்கு ருசியைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

"சேர், அதிபர் சேர் கேக்கலாம் எண்டு சொன்னதாலதான் கேக்கிறன். அந்தத் தண்ணி குளிரா ஈக்கிது, டம்ளர்ல வேர்வ நிக்கிது. இது சும்மா வெளிய ஈந்த தண்ணி. ரெண்டயும் ஒரே மாதிரிக் கோப்பையில, ஒரே குளிர்ல குடுத்தா என்ன?"

கஜேந்திரன் சிரித்தார். "அம்மா, வெள்ளி டம்ளர் ஒரு மரியாதைக்காக வச்சது."

"அப்ப மரியாதய எடுத்துட்டுக் குடிச்சுப் பாருங்க" என்றார் பஹ்மியா.

மண்டபத்தில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் அவருடைய மகளே எழும்பி, இயந்திரத்துக்குள் போகும் தண்ணீரும் ஜக்கில் இருக்கும் தண்ணீரும் ஒரே இடத்துத் தண்ணீரா என்று கேட்டாள். கஜேந்திரன் அதிபரைப் பார்த்தார். அதிபர் அழகரைப் பார்த்தார். அழகர் என்றைக்கும் போல உண்மையைச் சொன்னார்.

"மெஷினுக்குப் போத்தல் தண்ணி ஊத்தச் சொன்னாங்க. ஜக்குல குழாய்த் தண்ணிங்க, பாப்பா. குளோரின் வாசம் கொஞ்சம் இருக்கும்."

மண்டபம் சலசலத்தது. கஜேந்திரனின் ஆள் ஒருவர் இயந்திரத்தை மூடப்போனார். பணிப்பாளர் நிம்றா கையை உயர்த்தினார். அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை, உண்மையிலேயே ஆவலாக இருந்தார்.

"அதிபரே வழி சொல்லித் தந்திருக்கிறார். பத்துக் கோப்பை, நாணயம், திரை. கூட்டத்துக்கு ஒரு நல்ல செயல்முறையாயும் இருக்கும். ஒரே போத்தல் தண்ணியில பாதியை மெஷினால விடுவம், பாதியை விடாம வைப்பம். நடனம் முடியும்வரைக்கும் ரெண்டு ஜக்கும் ஒரே மேசையில நிக்கட்டும், சூடும் குளிரும் ஒண்டாயிடும். கஜேந்திரன் சேர் ஓம் எண்டா செய்வம்."

கஜேந்திரனுக்கு வேறு வழி இருக்கவில்லை. உரை முழுக்கத் தலையாட்டியதை எண்ணூறு பேர் பார்த்திருந்தார்கள்.

நடனம் முக்கால் மணி நேரம் நடந்தது. அழகரும் பஹ்மியாவும் திரைக்குப் பின்னால் போனார்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் பஹ்மியா நாணயத்தைச் சுண்டினார், அழகர் ஊற்றினார். எந்த இலக்கத்துக்கு எது என்று எழுதிய தாளை உறையில் போட்டு ஒட்டினார்கள். அவர்கள் இருவரும் வெளியே வரவே இல்லை, அவர்கள் முகத்தைப் பார்த்து எதையும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக. ஒன்றும் பார்த்திராத ஒரு சின்னப் பிள்ளை உள்ளே போய்க் கோப்பைகளைத் தூக்கி வந்தாள்.

முதலில் அதிபர். பத்துக் கோப்பைகளையும் ஒவ்வொன்றாகக் குடித்து, ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் யோசித்து, 'சக்தி', 'சாதாரணம்' என்று சொன்னார். பிறகு பணிப்பாளர் தானாகவே கேட்டுக் குடித்தார். கடைசியாகக் கஜேந்திரன். இரண்டாம் கோப்பையில் "தேன்" என்றார். மூன்றாம் கோப்பையில் முகத்தைச் சுளித்தார்.

உறையைப் பிரித்தார்கள். அதிபர் பத்தில் ஐந்து. பணிப்பாளர் ஆறு. கஜேந்திரன் நான்கு. அவர் 'தேன்' என்ற இரண்டாம் கோப்பை சாதாரணத் தண்ணீர். முகம் சுளித்த மூன்றாம் கோப்பை அவருடைய இயந்திரத்திலிருந்து வந்தது.

"இன்னொருக்கா" என்றார் கஜேந்திரன். வேறு பத்துக் கோப்பைகள் வந்தன. இந்த முறை ஐந்து.

அவர் ஒலிவாங்கியை எடுத்தார். எடுத்திருக்கக் கூடாது. ஆனால் எடுத்தார்.

"உங்களுக்கு விளங்காத ஒரு விசயம் இருக்கு. இந்தச் சக்தி மிகவும் மென்மையானது. கேள்வி கேக்கிற இடத்தில அது வேலை செய்யாது. சந்தேகம் உள்ள ஆக்கள் கூடினா அது தண்ணிக்குள்ள ஒடுங்கிடும். என்ர ஒஃபிசில, என்ர ஸ்டாஃபுக்கு முன்னால, ஒரு நாளும் பிழைச்சதில்ல. அங்க ஒருத்தரும் கேள்வி கேக்கிறதில்ல."

"அப்ப சேர்," என்று பின்னாலிருந்து ஒரு தகப்பன் கேட்டார், "என்ன நடந்தா நீங்க பிழையெண்டு ஒத்துக்கொள்ளுவீங்க?"

"எது நடந்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டன்" என்றார் கஜேந்திரன், மிகுந்த பெருமையோடு.

எண்ணூறு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எழுந்த சிரிப்பில், அந்த நேரம் போன ரயிலின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பணிப்பாளர் சிரிக்காமல் ஒரு சிறு கொப்பியில் அதை எழுதிக்கொண்டார். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சாந்தமாகச் சொன்னார்.

மேடைக்குப் பின்னால் கஜேந்திரன் அதிபரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆர் எழுதினது? வெயில், நிழல், கோப்பை, எல்லாம் என்னைக் குறிவச்சு எழுதியிருக்கு. எந்த நாய் எழுதினது?"

அதிபரின் கண் என்னைத் தேடியது. நான் அங்கேயே நின்றேன், ஒளியவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் பணிப்பாளர் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். "அதிபரேதான் எழுதினார். ஒரு வரிகூட வேற ஆள் தொடேல்ல எண்டு எனக்குச் சொன்னார். பக்கத்தில நீங்களும் இருந்தீங்களே" என்றார். மற்றப் பாடசாலைகளுக்கும் அனுப்ப ஒரு பிரதி தரும்படி கேட்டுவிட்டுப் போனார்.

அதிபர் வாயை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்க வேண்டும். வெட்கமாக இல்லை.

திங்கட்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். முகாமைச் சபை அவரிடம் விளக்கம் கேட்டிருந்தது. கஜேந்திரன் கல்லூரியில் மாட்டியிருந்த தன் பெயர்ப் பலகையைக் கழற்ற ஆள் அனுப்பியிருந்தார்.

"டீச்சர், சபைக்கு நான் உண்மையைச் சொல்லப்போறன். உரை நீங்க எழுதினது எண்டு."

"சொல்லுங்கோ சேர். பணிப்பாளருக்குப் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லோணும். பிறகு அவையள் கேப்பினம், மேடையில வாசிக்க முதல் நீங்க வாசிச்சீங்களா எண்டு. 'வாசித்தேன், மிகச் சிறப்பு' எண்டு உங்கட கையெழுத்தோட கோப்பு இருக்கு. என்னட்டயும் ஒரு பிரதி இருக்கு."

அவர் லாச்சியைத் திறந்தார், என் கடிதத்தை எடுத்தார், மைப்பேனையால் கையெழுத்து வைத்தார். ஆய்வுகூடத்தின் சாவியையும் அதன் மேல் வைத்தார். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. வாசலில் நான் நின்ற நாட்கள் என்னிடம் கணக்கில் இருந்தன.

கதவருகே போனபோது அவர் கூப்பிட்டார். குரல் மேடைக் குரலாக இருக்கவில்லை.

"டீச்சர், என்ர மனுசிக்குச் சலரோகம், இரத்தத்தில சீனி கூட. அந்த மெஷின் ஒண்டு எங்கட வீட்டிலயும் இருக்கு. எட்டு மாசமா அவ அந்தத் தண்ணியைக் குடிக்கிறா. மருந்தைக் குறைக்கலாம் எண்டு கஜேந்திரன் சேர் சொன்னவர், குறைச்சிட்டம். உண்மையில அந்தத் தண்ணியில ஒண்டும் இல்லையா?"

ஆறு வருடத்தில் பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. இவ்வளவு நாளும் நான் காத்திருந்தது அவர் கெஞ்சுவதைப் பார்க்கத்தான். என் கையில் சாவி இருந்தது. பதில் சொல்லாமல் போயிருக்கலாம்.

"ஒண்டும் இல்ல சேர்" என்றேன். "பயறுக்கு அளந்து தாளில எழுதி உங்களிட்டத் தந்தனான், போன தவணையில. இண்டைக்கே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அவர் லாச்சியின் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்புக்கூட விரித்திருக்கவில்லை. அதை மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பழி தீர்ந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வாசித்து முடியும்வரை நான் போகாமல் நின்றேன்.